வடிகால் யாருடையது? மனு எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஐப்பசி மழை நின்று நான்கு நாளாகியும் சித்தப்பாவின் நாலு மா நிலத்தில் தண்ணீர் வடியவில்லை. நட்டு இருபத்தைந்து நாளான சம்பா. பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது, அடித்தூர் அழுகத் தொடங்கியிருந்தது. வயலின் கிழக்கே ஓடும் வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தன. அது சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள குழாய்ப்பாலம் பாதிக்கு மேல் மண்ணால் அடைபட்டிருந்தது. அதற்கு அப்பால் ஒருவர் வடிகாலின் கரையை உள்ளே தள்ளி வேலி போட்டிருந்தார்.

சித்தப்பா திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார். 'எங்கள் ஊரில் மழைநீர் வடியாமல் பயிர் அழுகுகிறது, உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்' என்று எழுதியிருந்தார். கணினியில் பதிந்து ஒரு எண் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுவில் கண்ட வடிகால் இந்த அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, ஆகவே மனு முடிக்கப்படுகிறது என்று இருந்தது. அதற்குள் பயிர் போய்விட்டது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மனு வாங்கும் இடத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மனுக்கள் வரும். பிரித்து அனுப்புபவர் 'பொருள்' என்ற வரியையும் முதல் இரண்டு வரியையும் பார்த்துத்தான் துறையை முடிவு செய்வார். 'ஊரில் தண்ணீர் தேங்குகிறது' என்று பார்த்ததும் அதை ஊராட்சி விவகாரம் என்று எடுத்துக்கொண்டு ஊராட்சி ஒன்றியத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து அது ஊராட்சிச் செயலர் கைக்குப் போனது. அவர் வந்து பார்த்து, வடிகால் ஊராட்சியுடையது அல்ல என்று உண்மையையே எழுதினார். அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. சரியான துறைக்கு அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. மனு தொலைவது என்றால் பெரும்பாலும் இதுதான். தாள் காணாமல் போவதில்லை, தப்பான மேசையில் நியாயமாகவே முடிந்துவிடுகிறது.

ஆகவே மனுவை எப்படி எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த வடிகால் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். டெல்டாவில் இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. காரணம், ஒரே மண்ணின் மேல் இரண்டு வரைபடங்கள் கிடக்கின்றன.

முதல் வரைபடம் நமக்குத் தெரிந்தது. கிராமம், பிர்கா, வட்டம், மாவட்டம். வருவாய்த்துறை இதன்படி இயங்குகிறது. கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், அவருக்கு மேல் வட்டாட்சியர். நாம் எந்த ஊர்க்காரர் என்று சொன்னாலே இவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வரைபடம் ஆற்றை வைத்துப் போட்டது. பொதுப்பணித்துறையிலிருந்து 2021-இல் தனியாகப் பிரிக்கப்பட்ட நீர்வளத்துறை இதன்படிதான் இயங்குகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது அல்லவா, அலுவலகங்களும் ஏறக்குறைய அப்படியே பிரிகின்றன. குடமுருட்டி, அரசலாறு, திருமலைராஜன் ஆறு, முடிகொண்டான் ஆறு எல்லாம் காவிரிப் பக்கம். வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு, வெள்ளையாறு எல்லாம் வெண்ணாற்றுப் பக்கம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்கு 1934-இல் திறந்த கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என்று சொல்வது. ஒவ்வொன்றையும் செயற்பொறியாளரின் கீழ் உள்ள கோட்டங்கள் பார்க்கின்றன. கோட்டத்துக்குள் உதவி செயற்பொறியாளரின் உபகோட்டம், அதற்குள் உதவிப் பொறியாளரின் பிரிவு. நம் பக்கத்தில் 'செக்‌ஷன் ஆபீஸ்' என்பது இந்தப் பிரிவு அலுவலகம்தான்.

இந்த இரண்டு வரைபடங்களின் எல்லையும் ஒன்றல்ல. ஒரே கிராமத்தில் வடக்குப் பாதி காவிரிப் பக்கத்துக் கிளையாற்றில் பாய்ந்து, தெற்குப் பாதி வெண்ணாற்றுப் பக்கத்துக் கிளையில் பாயலாம். வட்டாட்சியர் ஒருவர்தான், ஆனால் செக்‌ஷன் ஆபீஸ் இரண்டாக இருக்கும். 'எங்கள் ஊருக்கு எந்தப் பொறியாளர்?' என்ற கேள்வியே இங்கே தப்பாகிவிடுகிறது. 'இந்த வாய்க்காலுக்கு எந்தப் பொறியாளர்?' என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாசன வாய்க்கால் என்றால் மேலே நடக்க வேண்டும், வடிகால் என்றால் கீழே நடக்க வேண்டும். பாசன வாய்க்காலின் கரையிலேயே தண்ணீர் வரும் திசையை எதிர்த்துப் போனால் அது ஆற்றிலோ பெரிய வாய்க்காலிலோ பிரியும் தலைப்பு மதகு வரும். பல மதகுகளில் வாய்க்காலின் பெயரைச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். அந்த மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் யாருக்குக் கீழ் வேலை பார்க்கிறாரோ அதுதான் பிரிவு அலுவலகம். வடிகாலுக்குத் தலைப்பு மதகு கிடையாது, அது வயல்களில் பிறந்து கீழே போய் ஏதோ ஓர் ஆற்றிலோ பெரிய வடிகாலிலோ விழும். ஆகவே அது விழும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா முதலில் இதில் தவறினார். அவர் நிலம் காவிரிப் பக்கத்துத் தண்ணீரில் பாய்கிறது, ஆகவே வடிகாலும் அவர்களுடையதுதான் என்று நினைத்துப் பாசன மதகு லஸ்கரிடம் போய்க் கேட்டார். "இது நம்ம செக்‌ஷன் இல்லீங்க. கீழ போயி எதுல விழுதுன்னு பாருங்க, அந்த ஆத்துக்காரங்கதான் பாக்கணும்" என்றார் அவர். மறுநாள் காலை சித்தப்பாவும் நானும் வடிகால் கரையிலேயே நடந்தோம். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மேல்வயல்களின் வடிகால் கீழ்வயல்களுக்குப் பாசனமாகப் போகும் இடம் நடுவில் ஒன்று வந்தது. அங்கே குழம்பி நின்றோம், பிறகு விசாரித்துத் தொடர்ந்தோம். கடைசியில் அது வெண்ணாற்றுப் பக்கத்துக் கிளை ஒன்றில் விழுந்தது. அங்கே இருந்த டீக்கடைக்காரருக்கு அந்தப் பிரிவு அலுவலகம் எங்கே என்று தெரிந்திருந்தது. அன்று கிடைத்த தகவல் ஒரு மாத மனுவில் கிடைக்காதது.

ஒரு நுணுக்கம். எல்லா வாய்க்காலும் நீர்வளத்துறையிடம் இல்லை. ஆற்றிலிருந்து நேரே பிரிவது 'ஏ' வாய்க்கால், அதிலிருந்து பிரிவது 'பி', அதற்குக் கீழே 'சி', 'டி' என்று போகும். ஏ, பி வாய்க்கால்கள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ளவற்றை வேளாண் பொறியியல் துறை தூர்வாரிய ஆண்டுகள் உண்டு, ஊராட்சி வழியாக நூறு நாள் வேலையில் தூர்வாரியவையும் உண்டு. வயலுக்கு வயல் பிரியும் கன்னி வாய்க்கால் பாய்ச்சுகிறவர்களின் பாடு. உங்களுடையது எந்த வகுப்பு என்று லஸ்கரும் செக்‌ஷன் ஆபீஸும் சொல்வார்கள். சித்தப்பாவின் வடிகால் நீர்வளத்துறைப் பட்டியலில் இருந்தது.

நடப்பதோடு சேர்த்து ஒரு காகித வேலையும் செய்ய வேண்டும். eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அ-பதிவேட்டின் விவரத்தைப் பார்க்கலாம். வடிகாலின் சர்வே எண் தெரியாவிட்டால் நம் வயலின் புலப்படத்தில் பக்கத்து எண் தெரியும், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டாலும் சொல்வார். அந்த எண் அரசுப் புறம்போக்கு என்றும், குறிப்பில் 'வடிகால்' என்றும் இருந்தால் நம் பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஆனால் அ-பதிவேடு சொல்வது நிலம் யாருடையது, எதற்கானது என்பதை மட்டும்தான். அதை யார் தூர்வார வேண்டும் என்று சொல்லாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வட்டாட்சியருக்குத் தூர்வாரச் சொல்லி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மனுவும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரும்.

சித்தப்பாவின் விஷயத்தில் நாங்கள் புரிந்துகொண்ட முக்கியமான காரியம் வேறு. அவர் ஒரு பிரச்சினை என்று நினைத்தது உண்மையில் மூன்று. வடிகாலில் மண்டியது நீர்வளத்துறையின் வேலை. வடிகால் புறம்போக்கில் வேலி போட்டது ஆக்கிரமிப்பு, அதை அளந்து அகற்றும் வேலை வருவாய்த்துறையிடம் தொடங்குகிறது. குழாய்ப்பாலம் சாலையின் பகுதி, அது சாலை யாருடையதோ அவர்களுடையது. மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் யார் கையில் போனாலும் மூன்றில் இரண்டு அவர்களுடையதாக இருக்காது. 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று எழுத மனுவே இடம் கொடுத்துவிடும்.

சாலை யாருடையது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் உண்டு. கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் போகும் கிராமச் சாலைகளில் ஆரஞ்சு இருக்கும். கல்லே இல்லாத சின்னச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியத்தில் கேட்பதே நல்லது, ஒன்றியச் சாலையா ஊராட்சிச் சாலையா என்று அவர்களிடம் பட்டியல் இருக்கும். எங்கள் வடிகால் கடந்தது நெடுஞ்சாலைத்துறையின் மாவட்டச் சாலை ஒன்றை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கறுப்புப் பெயிண்டில் '4/2' என்று எழுதியிருந்தது. தேய்ந்து போயிருந்ததால் சித்தப்பா துண்டை நனைத்துத் துடைத்துத்தான் படித்தார். நெடுஞ்சாலைத்துறை தன் பாலங்களுக்குக் கிலோமீட்டரையும் அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது பாலம் என்பதையும் சேர்த்து இப்படித்தான் எண் போடும். இந்த எண்ணை மனுவில் எழுதினால் எந்தப் பாலம் என்று தேடி யாரும் வர வேண்டியதில்லை. 'ஐயனார் கோவில் பக்கத்துப் பாலம்' என்பது நமக்குத் தெரியும், அவர்கள் பதிவேட்டுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பிறகும் யார் பொறுப்பு என்பதில் இழுபறி இருந்தால், எனக்குத் தெரிந்த வரை தகவல் உரிமைச் சட்டம்தான் உறுதியான வழி. சும்மா கொடுக்கும் மனு தப்பான அலுவலகத்துக்குப் போனால் அங்கேயே முடியலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்பும் விண்ணப்பம் அப்படி முடியக் கூடாது. பிரிவு 6(3)-இன்படி, கேட்ட தகவல் வேறு அலுவலகத்திடம் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பி, மாற்றினோம் என்று நமக்கும் தெரிவிக்க வேண்டும். நமக்கு வேண்டியதே அந்த மாற்றல் கடிதம்தான். 'இது இன்ன அலுவலகத்தைச் சார்ந்தது' என்று அரசே கையெழுத்துப் போட்டுச் சொல்லும் காகிதம் அது.

விண்ணப்பம் 'பொதுத் தகவல் அலுவலர்' என்ற பதவிக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும். 'ஏன் தூர்வாரவில்லை?' என்று கேட்கக் கூடாது, ஏன் என்பதற்குப் பதிவேடு கிடையாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. 'தங்கள் பிரிவின் கட்டுப்பாட்டில் உள்ள வாய்க்கால்கள், வடிகால்களின் பட்டியல் நகல். மேற்படி கிராமம், சர்வே எண் வழியாகச் செல்லும் வடிகாலைப் பராமரிக்கும் அலுவலரின் பதவிப் பெயர், அலுவலக முகவரி.' பதிலுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், வெள்ளம் நிற்கும்போது இது உதவாது. அவசரத்துக்குக் கரையில் நடப்பதும், நேரே செக்‌ஷன் ஆபீசுக்குப் போவதும், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவதும்தான் வழி. ஆனால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்றால் இந்த 30 நாள் வீணில்லை.

அப்புறம்தான் மனு. மார்கழிக் கடைசியில் சித்தப்பா மூன்று மனு எழுதினார். வடிகாலுக்கு எழுதியதில் பொருள் வரி இப்படி இருந்தது: 'இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண் வடிகாலில் இன்ன சாலைப் பாலம் 4/2 முதல் ஆற்றில் விழும் இடம் வரை ஆகாயத்தாமரை அகற்றித் தூர்வாரக் கோருதல்'. பிரித்து அனுப்புபவர் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும், ஊராட்சி ஒன்றியத்துக்கு அனுப்ப வழியே இல்லை. பயிர் அழுகிய வேதனையை இரண்டாவது பத்தியில் எழுதினார். அது முக்கியமில்லை என்று இல்லை, அது முதல் வரியில் இருந்தால் மனு பயிர் இழப்பீட்டு மனுவாகி வேளாண்மைத் துறைக்குப் போய்விடும்.

பெறுநர் ஒருவர்தான். உதவி செயற்பொறியாளர், உபகோட்டத்தின் பெயர், ஊர். ஆளின் பெயர் போடவில்லை, அவர் மாற்றலாகிப் போனால் கடிதம் அவர் பின்னாலேயே போகும். ஏன் செக்‌ஷன் ஆபீசுக்கு எழுதவில்லை என்றால், உதவிப் பொறியாளர் பாதி நாள் களத்தில் இருப்பார், வாங்கிப் பதிந்து எண் கொடுக்க ஆள் இருப்பது உபகோட்டத்தில். ஏன் செயற்பொறியாளருக்கு எழுதவில்லை என்றால், அவர் எப்படியும் கீழே அனுப்பி அறிக்கை கேட்பார், அதில் இரண்டு வாரம் போகும். மேலேயும் கீழேயும் இருப்பவர்களை 'நகல்' என்று கடைசியில் குறித்தார். முதலமைச்சரில் தொடங்கி ஏழு பேரைப் பெறுநர் வரிசையில் எழுதும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏழு பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்க அது இடம் கொடுக்கிறது.

இரண்டாவது மனு குழாய்ப்பாலத்துக்காக நெடுஞ்சாலைத்துறையின் உபகோட்டத்துக்குப் போனது. மூன்றாவது வட்டாட்சியருக்கு. வடிகால் புறம்போக்கை நில அளவர் மூலம் அளந்து ஆக்கிரமிப்பை அகற்றக் கேட்டது, நகல் நீர்வளத்துறைக்கு. மூன்றையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். மாற்றல் கடிதத்தின் நகலையும், பழைய பதிலின் நகலையும் சேர்த்தே வைத்தார். 'எங்களுடையது அல்ல' என்ற அந்தப் பழைய பதிலைக் கோபத்தில் கிழித்துப் போடப் பார்த்தார் அவர். கிழிக்காதது நல்லதாகப் போயிற்று. ஊராட்சி ஒன்றியம் தன்னுடையது அல்ல என்று எழுத்தில் சொல்லிவிட்டபின், நீர்வளத்துறை அதை மறுபடி அங்கே தள்ள முடியாது.

எந்தப் பதில் வந்தாலும் அதில் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் ந.க.எண்ணும் தேதியும், கீழே இருக்கும் 'பெறுநர்', 'நகல்' வரிகளும். மனு யாருக்கு அனுப்பப்பட்டது என்பது அங்கேதான் இருக்கும். 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று வந்தால் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மனு கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். பத்து நாள் விட்டு அந்தப் புது அலுவலகத்துக்கு அந்த எண்ணோடு போய், அங்கே என்ன எண்ணில் பதிந்தார்கள் என்று கேட்க வேண்டும். பதியவே இல்லை என்றால் அங்கேதான் அது நிற்கிறது.

தூர்வாரும் வேலைக்கு ஒரு காலக்கணக்கும் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன்னால், ஆறு வறண்டு கிடக்கும் கோடையில்தான் தூர்வாருவார்கள். எந்தெந்த வாய்க்கால் என்ற பட்டியலும் மதிப்பீடும் அதற்கும் முன்பே தயாராகிவிடும். ஆகவே மே மாதத்தில் பொக்லைன் ஊருக்குள் வந்தபிறகு கொடுக்கும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான். மழையில் கண்ட அடைப்பை மார்கழி, தையிலேயே எழுதிவிட்டால் அந்த ஆண்டுப் பட்டியலுக்கு வாய்ப்பு இருக்கிறது.

மாசியில் நெடுஞ்சாலைத்துறை ஆட்கள் வந்து குழாயில் இருந்த மண்ணை அள்ளினார்கள். பங்குனியில் நில அளவர் சங்கிலி பிடித்தார், கிராம நிர்வாக அலுவலர் வேலிக்காரருக்கு, ஆக்கிரமிப்பைப் பதியும் பி-மெமோ போட்டார், அந்த வேலி இன்னும் நிற்கிறது. சித்திரைக் கடைசியில் வடிகாலில் இயந்திரம் இறங்கியது. பாலம் 4/2-இலிருந்து ஆற்றுமுகம் வரை என்று பொருள் வரியில் எழுதியிருந்ததால் அங்கேயே தொடங்கியது. வேலி இருக்கும் முப்பதடி தூரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். சித்தப்பா இப்போது அந்த முப்பதடிக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பி-மெமோ எண்ணைப் போட்டு இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.